பேங்க்ல ‘கம்ப்ளீட்டட்’, சப்ளையர் ‘வரலை’ங்கிறார்: என்ன பதில் எழுதுறது?

பற்றுவரவு · திங்கள், காலை

வெளிநாட்டு சப்ளையர் ஒருத்தருக்குப் போன செவ்வாய் மதியம் 24,600 யூரோ அனுப்பினோம். புதன்கிழமை நெட்பேங்கிங்ல ‘கம்ப்ளீட்டட்’னு வந்திருச்சு, எங்க கணக்குலயும் பற்று ஆயிருச்சு. இன்னைக்கு அவங்ககிட்ட இருந்து மெயில்: பணம் வரலை, வர்ற வரைக்கும் சரக்கு ஏத்த மாட்டோம், மறுபடி அனுப்புங்க இல்லேன்னா ஆதாரம் குடுங்கன்னு.

நான் எழுதி வச்சிருக்கிற பதில்:

“24,600 யூரோ புதன்கிழமையே உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். உங்கள் வங்கியை விசாரிக்கவும்.”

இதை அனுப்பலாமா? மேனேஜர் இன்னும் காட்டமா எழுதச் சொல்றார்.

கோடைமழை · திங்கள், காலை

ஸ்கிரீன்ஷாட்டை யாரும் மதிக்க மாட்டாங்க. பேங்க்ல MT103 காப்பி கேட்டு வாங்கி அதை அனுப்புங்க. அதுதான் ஆதாரம். அது போயிட்டா பொறுப்பு அவங்க தலையில, நீங்க கையைக் கழுவிடலாம்.

எட்டுக்கட்டு · திங்கள், காலை

கோடைமழை சொன்னதில் பாதி சரி. MT103 வாங்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் வங்கி அடுத்த வங்கிக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பியது என்பதற்கு மட்டுமே அது ஆதாரம். பணம் சப்ளையர் கணக்கில் விழுந்தது என்று அதில் எங்கேயும் இருக்காது. நடுவில் ஒரு வங்கி நிறுத்தி வைத்திருந்தாலும் உங்கள் கையில் இருக்கும் காப்பி அதே காப்பிதான்.

‘கம்ப்ளீட்டட்’ என்ற சொல்லும் அப்படித்தான் ஏமாற்றும். வங்கிகளுக்குள் ஓடும் நிலைக் குறியீடுகளில் ACSC என்று ஒன்று, ACCC என்று ஒன்று. முதலாவது, அனுப்பியவர் கணக்கில் வேலை முடிந்தது. இரண்டாவது, பெறுபவர் கணக்கில் வரவு ஆனது. எழுத்தில் வித்தியாசம் ஒன்றுதான், ஆனால் இரண்டுக்கும் நடுவில் முழுப் பயணமும் கிடக்கிறது. நெட்பேங்கிங் திரை பெரும்பாலும் முதலாவதைத்தான் ‘கம்ப்ளீட்டட்’ என்று காட்டும்.

அதனால் உங்கள் பதிலில் “உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது” என்ற வரியை எடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அது சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எங்கள் கணக்கில் பற்று ஆனது, எங்கள் வங்கி அனுப்பிவிட்டது. நாளைக்குப் பணம் எங்கேயோ நிற்கிறது என்று தெரியவந்தால், அந்த ஒரு வரியை வைத்து உங்களையே மடக்குவார்கள்.

ஒற்றைக்கண் · திங்கள், காலை

பதில் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. பணம் போன கணக்கு எண்ணை எடுத்து, இதுக்கு முன்னாடி இதே சப்ளையருக்குப் போய்ச் சேர்ந்த பழைய பேமெண்டோட எண்ணுக்கு எதிரே வச்சு எழுத்து எழுத்தா பாருங்க. இன்வாய்ஸ்ல இருக்கிறதோட மட்டும் ஒப்பிட்டா பத்தாது, இன்வாய்ஸையே மாத்தி அனுப்புவாங்க.

நடுவுல எப்பவாவது “எங்க பேங்க் மாறிடுச்சு”ன்னு மெயில் வந்துச்சா? வந்திருந்தா உண்மையான சப்ளையர் வரலைன்னு சொல்றது உண்மையாவே இருக்கும். பணம் வேற ஆள்கிட்ட போயிருக்கும். அப்போ மெயில்ல பதில் போடாதீங்க, அந்த மெயில் இழைக்குள்ள யார் உட்கார்ந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பழைய ஒப்பந்தத்துல இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணுங்க. உங்க பேங்க்ல மோசடின்னு சொல்லியே ரீகால் போடச் சொல்லுங்க. நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு.

பற்றுவரவு · திங்கள், மதியம்

பார்த்துட்டேன். இதே கணக்குக்கு இதுவரைக்கும் நாலு தடவை அனுப்பியிருக்கோம், நாலும் சேர்ந்திருக்கு. எண் அதேதான். பேங்க் மாறின மெயில் எதுவும் இல்லை. போன்லயும் பேசிட்டேன், வரலைன்னு மெயில் போட்டது அவங்க அக்கவுண்ட்ஸ் மேடம்தான்.

அவங்க “மறுபடி அனுப்பிடுங்க, முதல்ல அனுப்பினது வந்தா திருப்பி அனுப்பிடுறோம்”னு சொல்றாங்க. சரக்கு அவசரம்தான்.

எட்டுக்கட்டு · திங்கள், மதியம்

வேண்டாம். இரண்டும் போய்ச் சேர்ந்தால் ஒன்றைத் திரும்ப வாங்குவது அவர்கள் மனசைப் பொறுத்தது. வரவு ஆன பணத்தை ரீகால் செய்தால், பெறுபவர் வங்கி பெரும்பாலும் தன் வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்டுத்தான் திருப்பும். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் மாற்று விகிதம், இரண்டு பக்கக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில் விழும். முதல் பணம் திரும்பி உங்கள் கணக்குக்கு வந்த பிறகுதான் இரண்டாவது.

அதோடு உங்கள் சொந்தக் கணக்கின் வரவுப் பக்கத்தை புதன்கிழமையிலிருந்து ஒரு முறை பாருங்கள். நடுவில் எந்த வங்கியாவது நிராகரித்திருந்தால் பணம் புது வரவாக, வேறு ரெஃபரன்ஸுடன், கட்டணம் கழிந்து திரும்பி வந்திருக்கும். பழைய பேமெண்டின் பக்கத்தில் ‘கம்ப்ளீட்டட்’ அப்படியே நிற்கும், அதை யாரும் திருத்த மாட்டார்கள். “எங்கள் பக்கம் போய்விட்டது” என்று ஒரு வாரம் சண்டை போட்டு, கடைசியில் பணம் தன் கணக்கிலேயே இருப்பதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

திரும்பி வரவில்லை என்றால் வங்கிக்கு எழுதுங்கள். “பேமெண்ட் என்ன ஆச்சு” என்று கேட்டால் “சக்சஸ் ஆயிடுச்சு சார்” என்றுதான் வரும். கேள்வியை இப்படி இறுக்குங்கள்: வங்கிகள் எல்லாம் இந்தப் பேமெண்டைப் பின்தொடரும் எண்ணான UETR என்ன? ஸ்விஃப்ட் டிராக்கரில் கடைசி நிலை என்ன, காரணக் குறியீடு என்ன, அதைப் பதிந்த வங்கி எது, எந்தத் தேதி? கட்டண முறையைச் சொல்லும் 71A புலத்தில் என்ன போட்டு அனுப்பினீர்கள்? மூன்றே கேள்வி, பதில் எழுத்தில் வேண்டும்.

UETR பார்க்க இப்படி இருக்கும் (இது மாதிரிக்கு):

```
7c1e40d2-58ab-4f36-9b07-e2d18a6453fc
```

கோடுகளோடு சேர்த்து 36 எழுத்து. மூன்றாவது தொகுதி எப்போதும் 4-ல் தொடங்கும். உங்களுக்கு வந்தது அப்படி இல்லையென்றால் அது வங்கியின் உள் ரெஃபரன்ஸ் நம்பர், அதை சப்ளையரிடம் கொடுத்துப் பயனில்லை, அவர்கள் வங்கியால் அதை வைத்து எதையும் தேட முடியாது. MT103 காப்பியில் 121 என்ற புலத்தில் UETR இருக்கும். வங்கி இப்போது pacs.008 வடிவத்தில் காப்பி தந்தால் அதில் UETR என்ற பெயரிலேயே இருக்கும்.

வாரக்கடைசி · திங்கள், மாலை

எனக்கும் இதே பிரச்சினைதான். கஸ்டமர் கார்டுல கட்டினார், அவர் மொபைல்ல கம்ப்ளீட்டட் காட்டுது, என் பேங்க் கணக்குக்கு ரெண்டு நாளா வரலை. UETR எங்க இருக்கும்?

ஒற்றைக்கண் · திங்கள், மாலை

கார்டுக்கு UETR கிடையாதுங்க, இது வேற பாதை. உங்களுக்குப் பணம் தர வேண்டியது கார்டு வசூல் பண்ணித் தர்ற கம்பெனி. அவங்க செட்டில்மெண்ட் ரிப்போர்ட்ல அந்தத் தொகை எந்தத் தேதி தொகுப்புல இருக்குன்னு பாருங்க. கஸ்டமரைத் துரத்தாதீங்க.

பற்றுவரவு · திங்கள், மாலை

திரும்பி வந்த வரவு எதுவும் இல்லை. பேங்க்ல முதல்ல “சக்சஸ்”னுதான் சொன்னாங்க. மூணு கேள்வியையும் மெயில்ல போட்டதும் ஒரு மணி நேரத்துல பதில் வந்திருச்சு. UETR குடுத்திருக்காங்க. கடைசி நிலை ACSP, குறியீடு G001, பதிஞ்சது நடுவுல இருக்கிற ஒரு வங்கி, புதன்கிழமை. 71A-ல SHA.

ACSPன்னா வரவு ஆகலைன்னு அர்த்தமா?

எட்டுக்கட்டு · திங்கள், இரவு

ACSP என்றால் நடந்துகொண்டிருக்கிறது. கூட வரும் குறியீட்டில்தான் விஷயம் இருக்கிறது. G000 என்றால் டிராக்கருக்குள் இருக்கும் அடுத்த வங்கிக்குக் கைமாறியது, தொடர்ந்து பார்க்கலாம். G001 என்றால் டிராக்கருக்குத் தகவல் சொல்லாத ஒரு இடத்துக்குக் கைமாறியது. அதற்கு மேல் உங்கள் வங்கிக்குக் கண் தெரியாது. G003 வந்திருந்தால் பெறுபவர் வங்கி ஆவணம் கேட்டுக் காத்திருக்கிறது என்று பொருள், அப்போது உங்கள் பதிலே வேறாக இருந்திருக்கும்.

ஆக, புதன்கிழமை நடு வங்கி பணத்தைத் தள்ளிவிட்டது. பிறகு வரவு ஆகியும் இருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். பெறுபவர் வங்கி வரவை டிராக்கரில் உறுதி செய்ய வேண்டும் என்ற விதி 2020 நவம்பரிலிருந்து ஸ்விஃப்டில் உண்டு. ஆனால் கடைசிக் கட்டம் உள்ளூர் கிளியரிங் வழியாகப் போனால் அந்த உறுதி வந்து சேராமலே போகலாம்.

G001 என்றதும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது: இனி சீக்கிரம் தேடக் கூடியவர் சப்ளையர்தான். எனவே உங்கள் பதிலை ஆதாரமாக எழுதாதீர்கள். அவர்கள் வங்கிக் கவுண்டரில் நின்று தேடக் கூடிய தேடுதல் சீட்டாக எழுதுங்கள்.

நெல்லிமரம் · திங்கள், இரவு

வசூல் பக்கம் எப்படித் தேடுறாங்கன்னு தெரிஞ்சா பதில் நல்லா அமையும். “பணம் வரலை”ன்னு சொல்ற அக்கவுண்ட்ஸ் ஆள் பெரும்பாலும் செஞ்சிருக்கிறது ஒண்ணுதான்: பேங்க் ஸ்டேட்மெண்ட்ல 24,600-னு தேடிப் பார்க்கிறது. இல்லேன்னா உங்க கம்பெனி பேர் அடிச்சுப் பார்க்கிறது. SHA-ல போன பணத்துல நடு வங்கி கட்டணத்தைக் கழிச்சிட்டா 24,600-ங்கிற எண்ணே அந்த ஸ்டேட்மெண்ட்ல இருக்காது. அனுப்பினவர் பேர் இருக்க வேண்டிய இடத்துல நடு வங்கி பேர் இருக்கறதும் உண்டு. அப்படி வந்த வரவு யாரோடதுன்னு தெரியாம சஸ்பென்ஸ் கணக்குல படுத்திருக்கும், அந்தம்மா திரையில பாக்கி அப்படியே நிக்கும். அவங்க பொய் சொல்லலை.

அதனால “வந்துச்சான்னு பாருங்க”ன்னு எழுதாதீங்க. எந்தத் தொகைக்கும் எந்தத் தொகைக்கும் நடுவுல, எந்தத் தேதியில இருந்து, எந்தெந்தப் பேர்லன்னு எழுதுங்க. இன்னொண்ணு, விவரம் வரியில என்ன அடிச்சு அனுப்புனீங்க?

பற்றுவரவு · திங்கள், இரவு

பார்த்தேன். சரக்கோட விவரம், அப்புறம் ஆர்டர் நம்பர், கடைசியில இன்வாய்ஸ் நம்பர்.

நெல்லிமரம் · திங்கள், இரவு

அதான். அந்த இடம் மொத்தமே 4 வரி, வரிக்கு 35 எழுத்து. உள்ளூர் கிளியரிங்ல போகும்போது முதல் வரியோட நறுக்கிடுறதும் நடக்கும். அடுத்த தடவை இன்வாய்ஸ் நம்பரை முதல் எழுத்துலேயே ஆரம்பிங்க, சரக்கு விவரத்தை விட்டுடுங்க.

எட்டுக்கட்டு · திங்கள், இரவு

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வரைவு. அவர்களுக்குப் புரியும் மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

> வணக்கம்.
>
> உங்கள் மெயில் கிடைத்தது. எங்கள் பக்கம் உறுதியானவை இவை: 24,600 யூரோ எங்கள் கணக்கில் பற்று ஆகி, புதன்கிழமை மதிப்புத் தேதியுடன் எங்கள் வங்கியிலிருந்து சென்றது. அன்றே இடைப்பட்ட வங்கி (பெயர், BIC) அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்பியதாகப் பதிந்துள்ளது. அதன் பிறகு எங்கள் வங்கியால் பார்க்க முடியவில்லை. தொகை திரும்பியும் வரவில்லை.
>
> UETR: (36 எழுத்து). பெறும் கணக்கின் கடைசி நான்கு எண்கள்: (…). கட்டண முறை SHA என்பதால் வரவு 24,600-க்குச் சற்றுக் குறைவாக இருக்கலாம்.
>
> இரண்டு உதவி தேவை. முதலாவது, புதன்கிழமையிலிருந்து இன்று வரை 24,500 முதல் 24,600 வரையிலான எல்லா வரவுகளையும், எங்கள் பெயரில் மட்டுமின்றி இடைப்பட்ட வங்கியின் பெயரிலும், ஒதுக்கப்படாத வரவுகளிலும் பாருங்கள். இரண்டாவது, அங்கே இல்லையென்றால் இந்த UETR-ஐ உங்கள் வங்கியின் பேமெண்ட் விசாரணைப் பிரிவில் கொடுத்து, வரவு ஆனதா, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதா, திருப்பப்பட்டதா என்று எழுத்தில் பதில் வாங்கித் தாருங்கள்.
>
> எங்கள் வங்கியிலும் தேடல் விண்ணப்பம் கொடுக்கிறோம். புதன்கிழமை மாலைக்குள் நிலவரம் தெரிவிப்போம். இந்தத் தொகை இருக்குமிடம் தெரியும்வரை இரண்டாவது பேமெண்ட் அனுப்ப இயலாது.

கவனித்தீர்களா, “நீங்கள் வாங்கிவிட்டீர்கள்” என்றும் இல்லை, “நாங்கள் தவறு செய்துவிட்டோம்” என்றும் இல்லை. காட்டம் வேண்டாம் என்பது மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மேடம் தன் வங்கிக்குப் போய் நின்றால்தான் உங்களுக்கு விடை. கோபப்படுத்தினால் போக மாட்டார்.

“விசாரணைப் பிரிவு” என்று குறிப்பிட்டே எழுதுங்கள். கிளைக் கவுண்டரில் கேட்டால் கணக்கைத் திறந்து பார்த்து “இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வங்கிக்கு வந்து, பெயர் பொருந்தாமல் நிற்கும் பணம் வாடிக்கையாளர் கணக்கில் தெரியாது.

ஒற்றைக்கண் · திங்கள், இரவு

MT103 காப்பியை இணைக்கிறதா இருந்தா உங்க சொந்தக் கணக்கு எண்ணை மறைச்சுட்டு இணைங்க. அதுல உங்க முகவரியும் கணக்கு எண்ணும் முழுசா இருக்கும். தேட UETR போதும்.

கோடைமழை · செவ்வாய், காலை

இவ்வளவு மெனக்கெடணுமா? அவங்க குடுத்த கணக்குக்குத்தான் அனுப்பியிருக்கோம். அதோட நம்ம கடமை முடிஞ்சுது. மீதி அவங்க பேங்க் பாடு.

எட்டுக்கட்டு · செவ்வாய், காலை

அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. “பணம் எங்கள் கணக்கில் வரவாகும் நாளே செலுத்திய நாள்” என்று எழுதியிருந்தால் அனுப்பியது போதாது. எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற கேள்வி வரும், அதற்கு இங்கே பதில் கிடைக்காது. கடமை யாருடையதாக இருந்தாலும் தேடலைத் தொடங்க வேண்டியது அனுப்பியவர் வங்கிதான். அந்த விண்ணப்பத்தை உங்களைத் தவிர வேறு யாரும் கொடுக்க முடியாது. பற்றுவரவு, கொடுத்துவிட்டீர்களா?

பற்றுவரவு · செவ்வாய், மதியம்

கொடுத்தாச்சு. கட்டணம் உண்டுன்னாங்க. மெயிலும் போயிருச்சு. மேனேஜர் கடைசி வரியை மட்டும் தடிமனாக்கச் சொன்னார், மத்தபடி அப்படியே.

பற்றுவரவு · புதன், மதியம்

கிடைச்சிருச்சு. போன வியாழக்கிழமையே வரவு ஆகியிருக்கு, 24,572 யூரோ. அனுப்பினவர் இடத்துல நடு வங்கி பேர். விவரத்துல சரக்கோட பேர் மட்டும் இருந்துச்சாம், ஆர்டர் நம்பர், இன்வாய்ஸ் நம்பர் ரெண்டும் இல்லை. அவங்க சிஸ்டம் தானா சஸ்பென்ஸ்ல போட்டிருக்கு. 24,500-ல இருந்து 24,600 வரைக்கும்னு எழுதியிருந்ததால பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சதா மேடம் சொன்னாங்க. சரக்கு நாளைக்கு ஏத்துறாங்க.

எங்க பேங்க் தேடலுக்கு இன்னும் பதில் வரலை. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?

எட்டுக்கட்டு · புதன், மாலை

முதலில் சப்ளையரிடம், இந்த இன்வாய்ஸுக்கு 24,572 யூரோ இந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது என்று ஒரு வரி எழுத்தில் வாங்குங்கள். போன் பேச்சு ஆறு மாசம் கழித்து உதவாது. அது வந்ததும் வங்கிக்குத் தகவல் சொல்லித் தேடலை மூடச் சொல்லுங்கள். மூடாமல் விட்டால் யாராவது அதை ரீகால் விண்ணப்பம் என்று எடுத்துக்கொண்டு, வரவான பணத்தைத் திருப்பிக் கேட்டுச் செய்தி அனுப்பும் ஆபத்து உண்டு.

பற்றுவரவு · வியாழன், காலை

எழுத்தில் வந்திருச்சு, தேடலையும் மூடச் சொல்லிட்டேன். அதே மெயில்ல இன்னொரு வரி: “குறையும் 28 யூரோவை அடுத்த பேமெண்டில் சேர்த்து அனுப்பவும்.” இன்வாய்ஸ்ல கட்டணம் பத்தி ஒண்ணும் இல்லை. கொடுக்கணுமா?

கோடைமழை · வியாழன், காலை

SHAன்னாலே பாதிப் பாதி. உங்க பேங்க் கட்டணம் உங்களுக்கு, அந்தப் பக்கக் கட்டணம் அவங்களுக்கு. கொடுக்க வேண்டாம்.

நெல்லிமரம் · வியாழன், காலை

SHA தேர்ந்தெடுத்தது யாரு? அவங்க இல்லையே. இன்வாய்ஸ் 24,600, கைக்கு வந்தது 24,572. வசூல் பக்கம் இருந்து பார்த்தா அது குறைவாக் கட்டினதுதான், 28 பாக்கியாவே நிக்கும். சின்னத் தொகைன்னு தள்ளுபடி பண்ற கம்பெனியும் உண்டு, வருஷக் கடைசி வரைக்கும் நினைவூட்டல் அனுப்புற கம்பெனியும் உண்டு.

எட்டுக்கட்டு · வியாழன், மதியம்

SHA என்பது வங்கிகள் கட்டணத்தை எங்கே எடுப்பது என்பதற்கான கட்டளை. உங்களுக்கும் சப்ளையருக்கும் நடுவில் யார் தாங்குவது என்பதை அது தீர்மானிக்காது. எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில் என்னும் OUR போட்டிருந்தால் முழுத் தொகையும் போயிருக்க வேண்டும், ஆனால் அப்போதும் சில வழிகளில் கழிந்துதான் சேர்கிறது. ஆர்டரில் கட்டணம் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா?

பற்றுவரவு · வியாழன், மதியம்

ஆர்டர்ல “வங்கிக் கட்டணம் அவரவர் பக்கம்”னு இருக்கு. நடு வங்கி யார் பக்கம்னு இல்லை.

ஒற்றைக்கண் · வியாழன், மதியம்

நடு வங்கி யார் பக்கமும் இல்லைங்க, அதுதான் தொல்லையே.